எந்தக் கல்லிலிருந்து அளந்தீர்கள்?

முன்சீப் கோர்ட்டில் எல்லைத் தகராறு என்று ஒரு வழக்கு வந்தால், சீக்கிரமே யாராவது ஒருவர் "கமிஷன் போடணும்" என்பார். ஊர்க்காரர்களுக்கு அது பாதித் தீர்ப்பு மாதிரி. கமிஷனர் வந்து அளந்து எழுதிக் கொடுத்துவிட்டால் விவகாரம் முடிந்தது என்று ஜெயித்தவர் நினைப்பார். தோற்றவரோ, கமிஷனரை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருப்பார். இரண்டு பேருமே அந்த அறிக்கைக்கு இல்லாத பலத்தை அதற்குக் கொடுக்கிறார்கள். சட்டப்படி அது வழக்கில் ஒரு சாட்சியம், அவ்வளவுதான். பத்திரம், பட்டா, சாட்சிகளின் வாக்குமூலம் ஆகியவற்றோடு சேர்த்து எடைபோட வேண்டிய ஒன்று. அதை உடைக்கவும் வழி உண்டு, ஆனால் தோற்றவர்களில் பலர் தவறான இடத்தில் உடைக்கப் பார்க்கிறார்கள்.

முதலில் அந்தக் கமிஷனர் யார் என்று பார்க்கலாம். தமிழ்நாட்டில் பெரும்பாலும் அதே கோர்ட்டில் தொழில் செய்யும், இந்த வழக்கோடு சம்பந்தமில்லாத ஒரு வழக்கறிஞர். அதனால்தான் 'அட்வகேட் கமிஷனர்' என்று பெயர். 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 26-ஆவது கட்டளை இதற்கானது. அதன் 9-ஆவது விதியின்படி, தகராறில் உள்ள விஷயத்தைத் தெளிவுபடுத்த இடத்துக்கே போய்ப் பார்ப்பது அவசியம் என்று நீதிபதி கருதினால் ஒருவரை நியமிக்கலாம். நியமன உத்தரவோடு ஒரு வாரண்ட் கொடுப்பார்கள். எதைப் பார்க்க வேண்டும், எதை அளக்க வேண்டும், எந்தத் தேதிக்குள் அறிக்கை தர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். கட்டணத்தைக் கோர்ட் நிர்ணயிக்கும், மனுப் போட்டவர் முதலில் கட்ட வேண்டும்.

எல்லையை அளக்க வேண்டுமென்றால் கமிஷனரோடு ஒரு சர்வேயரும் போவார். வழக்கறிஞருக்கு டேப் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கவில்லை. அளவை சர்வேயருடையது, அறிக்கை கமிஷனருடையது. இந்தப் பிரிவினையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கூண்டில் இதுதான் பெரிய பிரச்சினையாகப் போகிறது.

ஒரு வழக்கை வைத்துப் பார்ப்போம். கற்பனைதான், ஆனால் இதன் சாயலில் எத்தனையோ வழக்குகள் நடக்கின்றன. பெரியப்பா மகனுக்கும் சித்தப்பா மகனுக்கும் பக்கத்துப் பக்கத்து மனை. அவர்களுடைய அப்பாக்கள் பாகம் பிரித்துக்கொண்டபோது எழுதிய பத்திரத்தில், மேற்குப் பாகம் கிழமேல் 36 அடி, தென்வடல் 60½ அடி, ஆக 5 சென்ட் என்று இருக்கிறது. கிழக்குப் பாகமும் அச்சு அசல் அதே அளவு. மேற்கே தெருவோரம் ஒரு சர்வே கல், கிழக்கே வாய்க்கால் ஓரம் இன்னொரு கல். கிழக்குப் பாகக்காரர் நடுவில் காம்பவுண்டு சுவர் எழுப்புகிறார். என் நிலத்தில் ஒரு அடி உள்ளே வந்து கட்டிவிட்டார் என்று மேற்குப் பாகக்காரர் வழக்குப் போடுகிறார். அவர் வாதி, சுவர் கட்டியவர் பிரதிவாதி.

கமிஷன் போடுகிறார்கள். சர்வேயர் மேற்குக் கல்லில் டேப்பை வைத்து இழுக்கிறார். சுவர் 35 அடியில் நிற்கிறது. வாதிக்கு 36 அடி வர வேண்டும், ஒரு அடி குறைகிறது. சுவரின் முழு நீளத்துக்கும் கணக்குப் போட்டால் 60½ சதுர அடி ஆக்கிரமிப்பு. அறிக்கையில் அப்படியே ஏறுகிறது, வரைபடத்திலும் அந்த ஒரு அடித் துண்டுக்குச் சிவப்பு மையில் கோடு போட்டாகிவிட்டது.

இதே டேப்பைக் கிழக்குக் கல்லிலிருந்து இழுத்திருந்தால்? சுவர் 36 அடியில் நிற்கும். பிரதிவாதிக்குப் பத்திரப்படி வர வேண்டியது சரியாக 36 அடி. ஆக்கிரமிப்பே இல்லை.

காரணம் எளிது. இரண்டு கல்லுக்கும் இடையே தரையில் இருப்பது 71 அடிதான். பத்திரங்களைக் கூட்டினால் 72. அந்த ஒரு அடி எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்தில் கயிற்றை வைத்து அளந்து எழுதியிருக்கலாம், தெரு அகலமாகியிருக்கலாம், கல்லே நகர்ந்திருக்கலாம். எந்தப் பக்கத்திலிருந்து அளக்கத் தொடங்குகிறோமோ அந்தப் பக்கத்துக்காரருக்கு முழு அளவு கிடைக்கும், குறைச்சல் எதிர்ப் பக்கத்துக்காரர் தலையில் விழும்.

மூன்றாவதாக ஒரு விடையும் இருக்கிறது. வருவாய்த் துறையின் புல வரைபடம், அதாவது எஃப்எம்பி. அதில் இரண்டு உட்பிரிவுகளுக்கும் கிழமேல் அளவு 10.8 மீட்டர் என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது சுமார் 35 அடி 5 அங்குலம். மேற்குக் கல்லிலிருந்து அதன்படி அளந்தால் ஆக்கிரமிப்பு வெறும் 5 அங்குலம். ஆக ஒரே சுவர், ஒரு அடி உள்ளே இருக்கிறது, 5 அங்குலம் உள்ளே இருக்கிறது, உள்ளேயே இல்லை. மூன்று அளவிலும் டேப் பிடித்ததில் பிழை கிடையாது. எதை ஆதாரமாகக் கொள்வது என்பதுதான் வேறுபடுகிறது. அதைத் தீர்மானிப்பது கமிஷனர் வேலையும் இல்லை, சர்வேயர் வேலையும் இல்லை. பத்திரத்தில் யாருக்கு எப்படி எல்லை சொல்லியிருக்கிறது, அளவும் நான்கெல்லையும் முரண்பட்டால் எதைப் பிடிப்பது, இத்தனை ஆண்டுகள் யார் எதுவரை வைத்திருந்தார்கள் என்றெல்லாம் பார்த்துச் சொல்ல வேண்டியவர் நீதிபதி. பொதுவாக அளவும் எல்லையும் மோதினால் எல்லைக்குத்தான் கோர்ட் மதிப்புக் கொடுக்கும். ஆனால் இங்கே ஒருவருக்கு எல்லை மற்றவருடைய பாகம் என்றுதான் பத்திரம் சொல்கிறது, ஆகவே அதுவும் நேரடியாகக் கைகொடுக்காது.

அப்படியானால் நல்ல கமிஷன் அறிக்கை எப்படி இருக்கும்? இரண்டு கல்லையும் குறிப்பிட்டு, இடைப்பட்ட மொத்தத் தூரம் 71 அடி என்று சொல்லி, சுவர் ஒவ்வொரு கல்லிலிருந்தும் எத்தனை அடி என்று காட்டி, பத்திரப்படி இப்படி வருகிறது, புல வரைபடப்படி இப்படி வருகிறது என்று எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். 'ஆக்கிரமிப்பு' என்ற முடிவை எழுத வேண்டிய அவசியமே அதற்கு இல்லை.

அறிக்கையை எதிர்க்கும் வேலை அறிக்கை வந்த பிறகு தொடங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது கமிஷனர் இடத்துக்கு வரும் அன்றே தொடங்குகிறது. வருவதற்கு முன் இரு தரப்புக்கும் அல்லது அவர்களுடைய வக்கீல்களுக்கும் கமிஷனர் தேதி, நேரம் சொல்லி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் வந்தும் போகாமல் இருந்தால், வராதவரை விட்டுவிட்டு வேலையை முடிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. கோபத்தில் கேட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அதனால் லாபம் எதுவுமில்லை. நியாயமான நேரத்தில் நிலத்துக்குள்ளும் கட்டடத்துக்குள்ளும் போக அவருக்கு அதிகாரம் இருக்கிறது, பூட்டியிருந்ததும் அறிக்கையில் ஏறிவிடும்.

இடத்தில் என்ன நடக்கும் என்றால், எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். "சார், அது சர்வே கல்லே இல்ல சார். மாடு கட்டுறதுக்கு எங்க சித்தப்பா ஊணுனது" என்று ஒருவர் கத்துவார். அனுபவமுள்ள கமிஷனர் நிமிர்ந்து பார்க்காமலே, "ஐயா, சொல்றத உங்க வக்கீல்கிட்ட சொல்லி மெமோவா குடுங்க" என்பார். இந்த மெமோ என்பது ஒரு தாள்தான். எந்தெந்தக் கல்லிலிருந்து அளக்க வேண்டும், எந்தப் பத்திரத்தைப் பார்க்க வேண்டும், எந்த மரத்தை, எந்தப் பழைய அஸ்திவாரத்தைக் குறிக்க வேண்டும் என்று தரப்பினர் எழுத்தில் கேட்பது. கமிஷனர் அதை அறிக்கையோடு இணைக்க வேண்டும். கேட்டதைச் செய்யவில்லையென்றால் ஏன் செய்யவில்லை என்று பின்னால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நம் கதையில் பிரதிவாதி, 'கிழக்குக் கல்லிலிருந்தும் அளக்கவும்' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் வழக்கின் போக்கே மாறியிருக்கும். கத்தியது எந்தப் பதிவிலும் இருக்காது.

அறிக்கையும் வரைபடமும் கோர்ட்டுக்கு வந்ததும், ஆட்சேபணைக்காக என்று வழக்கை ஒரு தேதிக்குத் தள்ளுவார்கள். இத்தனை நாளுக்குள் ஆட்சேபணை போட வேண்டும் என்று 26-ஆவது கட்டளையின் இந்த விதிகளில் கணக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் வாய்ப்புக் கொடுத்தும் சும்மா இருந்துவிட்டு, தீர்ப்பு எதிராக வந்தபின் அப்பீலில் போய் அறிக்கை தப்பு என்றால், அப்போதே ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

ஆட்சேபணை மனுக்களில் அடிக்கடி தென்படும் வாசகங்கள் சில உண்டு. கமிஷனர் வாதியின் காரில் வந்தார், வாதி வீட்டில் காபி குடித்தார், ஒருதலைப்பட்சமாக எழுதிவிட்டார், ஆகவே அறிக்கையைத் தள்ளுபடி செய்ய வேண்டும். இதைப் படித்து நீதிபதி அசையமாட்டார். மனுப் போட்டவர்தான் வண்டி ஏற்பாடு செய்வது என்பது கோர்ட் வட்டாரத்தில் சகஜம். கெட்ட வழக்கம்தான், விட்டொழிக்க வேண்டியதுதான். ஆனால் காபி குடித்ததால் 35 அடி 36 அடியாகிவிடாது. விளைவைப் பிடிக்கவில்லை என்பது ஆட்சேபணை ஆகாது. அளந்த முறையில் என்ன கோளாறு, அந்தக் கோளாறு விளைவை எப்படி மாற்றியது என்று காட்டுவதுதான் ஆட்சேபணை.

நம் பிரதிவாதியின் வக்கீல் விவரமானவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் காபியைத் தொடமாட்டார். எந்தக் கல்லை ஆதாரமாக வைத்து அளந்தார்கள் என்று அறிக்கையில் இல்லை. கிழக்குக் கல் இருப்பதே குறிப்பிடப்படவில்லை. வாரண்டில் 'பத்திரங்கள் மற்றும் புல வரைபடத்தின்படி' அளக்கச் சொல்லியிருக்கிறது, அறிக்கை பத்திரத்தை மட்டுமே எடுத்துக்கொண்டிருக்கிறது, அதிலும் வாதியின் பாகத்தை மட்டும். வரைபடத்தில் மொத்த அகலம் எழுதப்படவில்லை. இந்த நான்கையும் எழுதிவிட்டு, கிழக்கிலிருந்து அளந்தால் ஆக்கிரமிப்பு வராது என்று கணக்கையும் போட்டுக் காட்டுவார். கூடவே, கமிஷனரைக் கூண்டில் ஏற்றி விசாரிக்க அனுமதி கேட்பார்.

கமிஷனரை விசாரிக்காமலே அவர் அறிக்கை சாட்சியமாகும் என்று 10-ஆவது விதி சொல்கிறது. அதே விதி, கோர்ட் தானாகவோ, கோர்ட்டின் அனுமதியோடு எந்தத் தரப்போ அவரைத் திறந்த கோர்ட்டில் விசாரிக்கலாம் என்றும் சொல்கிறது. அறிக்கையும் வரைபடமும் சி1, சி2 என்று குறியிடப்படும். நேற்றுவரை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த சக வழக்கறிஞரைக் குறுக்கு விசாரணை செய்வது கொஞ்சம் சங்கடமான காரியம். அதனாலேயே சிலர் மென்மையாக நாலு கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். கட்சிக்காரர் இதைக் கவனிக்க வேண்டும்.

நம்மூர்க் கோர்ட்டுகளில் வாக்குமூலம் கேள்வி பதிலாகப் பதிவாவது குறைவு. கேள்வியைப் பதிலுக்குள்ளேயே மடித்து எழுதுவார்கள். சரியாகக் கேட்டால் அந்தப் பக்கம் ஏறக்குறைய இப்படி வரும்: "நான் சர்வே பயிற்சி பெற்றவன் இல்லை என்றால் சரிதான். சர்வேயர்தான் அளந்தார், நான் உடன் இருந்தேன். எந்தக் கல்லிலிருந்து அளக்கத் தொடங்கினார் என்று என் அறிக்கையில் குறிப்பிடவில்லை என்றால் சரிதான். மேற்குப் புறமிருந்து அளந்ததாக ஞாபகம். கிழக்கே வாய்க்கால் ஓரம் கல் இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. இரண்டு பாகங்களையும் சேர்த்து மொத்த அகலம் அளக்கவில்லை என்றால் சரிதான். வாதிக்குச் சாதகமாக அறிக்கை கொடுத்திருக்கிறேன் என்றால் சரியல்ல." கடைசி வரியால் யாருக்கும் லாபமில்லை. அதற்கு முந்தைய ஆறு வரிகளும் அறிக்கையின் அடித்தளத்தை எடுத்துவிட்டன.

சர்வேயரையும் கூப்பிட வேண்டிய இடம் இது. எஃப்எம்பியில் எழுதப்பட்டிருக்கும் அளவுதான் அளவு. படத்தின் மேல் ஸ்கேலை வைத்துத் தூரம் எடுக்கக்கூடாது. 1:2000 விகிதத்தில் வரைந்த படத்தில் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு கோடு தரையில் ஒரு மீட்டருக்குச் சமம். ஆனால் உட்பிரிவுக் கோடுகளில் சிலவற்றுக்கு அளவே எழுதப்படாமல் இருக்கும், சர்வேயர் ஸ்கேல் வைத்து எடுத்திருப்பார். ஒரு அடித் தகராறில் அது செல்லுமா என்று அவரிடம்தான் கேட்க முடியும், வழக்கறிஞரான கமிஷனருக்கு அது தெரியாது. நத்தம் மனைகளில் சிக்கல் இன்னும் அதிகம். பழைய சர்வேயில் முழு நத்தமும் ஒரே புலமாக வெளி எல்லையோடு நின்றுவிடும், உள்ளே யார் வீடு எங்கே என்று இருக்காது. தனித்தனி அளவுகள் பின்னால் நடந்த நத்தம் சர்வேயில் வந்தவை. அப்போது தரையில் இருந்த வேலியைத்தான் அவர்கள் அளந்தார்கள். அந்த வேலியே தகராறாக இருந்தால் அந்த அளவு எதை நிரூபிக்கும்?

கமிஷனர் தன் வரம்பைத் தாண்டி எழுதுவது இன்னொரு வலுவான ஆட்சேபணை. 'வழக்குச் சொத்து வாதியின் அனுபவத்தில் உள்ளது' என்று அறிக்கை முடிந்தால் அந்த வரிக்கு மதிப்பில்லை. அனுபவம் யாருடையது என்பது சாட்சியம் கேட்டு நீதிபதி முடிவு செய்ய வேண்டிய விஷயம். சுவரில் சிமென்ட் பூச்சு இன்னும் காயாமல் இருந்தது, தென்னை சுமார் இத்தனை உயரம், மோட்டார் ரூமில் இன்ன எண்ணுள்ள மின் இணைப்பு என்று கண்ணால் கண்டதை எழுதலாம். அதிலிருந்து யார் சொந்தக்காரர் என்று தாவக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று எழுதியதும் அப்படித்தான், அவர் கூண்டேறிச் சொன்னால்தான் எடுபடும். ஒரு வரி வரம்பு மீறியது என்பதற்காக முழு அறிக்கையும் போய்விடாது. கோர்ட் அந்த வரியைத் தள்ளிவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளும்.

ஆட்சேபணையில் நியாயம் இருப்பதாக நீதிபதிக்குப் பட்டால் என்ன செய்வார்? வக்கீல்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: ரிப்போர்ட்டை ஸ்கிராப் பண்ணிவிட்டுப் புதுக் கமிஷனர் போடுங்கள். கோர்ட்டுகள் அதற்கு எளிதில் இறங்குவதில்லை. நிதானமாக நடந்த ஒரு நேரடி ஆய்வின் முடிவில் தெளிவான, போதுமான காரணம் இல்லாமல் கைவைக்கக்கூடாது என்று லண்டன் பிரிவி கவுன்சில் சொன்னதை, 1940-இல் வெளியான அந்தத் தீர்ப்பைக் காட்டி இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். பிடித்த அறிக்கை வரும்வரை கமிஷன் மேல் கமிஷன் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதே உள்ளர்த்தம், அது நியாயமும்கூட. ஆனால் கமிஷனரின் நடவடிக்கையில் திருப்தி இல்லையென்றால் மேற்கொண்டு விசாரணைக்கு உத்தரவிடலாம் என்று 10-ஆவது விதியின் மூன்றாம் பகுதி வழி வைத்திருக்கிறது. நம் வழக்கில் நடக்கக்கூடியது இதுதான்: அதே கமிஷனரிடம் வாரண்டைத் திருப்பிக் கொடுத்து, இரண்டு கல்லிலிருந்தும், பத்திரப்படியும் புல வரைபடப்படியும் தனித்தனியாக அளந்து கூடுதல் அறிக்கை கொடுக்கச் சொல்வார்கள். முழுதாகத் தூக்கியெறியக் கேட்பதைவிட இப்படிக் குறிப்பாகக் கேட்பது பலிக்கும் வாய்ப்பு அதிகம்.

கேட்டது கிடைக்காவிட்டால் அந்த இடைக்கால உத்தரவின்மேல் அப்பீல் கிடையாது. அரசியலமைப்பின் 227-ஆவது பிரிவின்கீழ் சென்னை உயர் நீதிமன்றத்துக்கோ மதுரைக் கிளைக்கோ சீராய்வு மனுவாகப் போகலாம். பலர் போகிறார்கள், வழக்கு அங்கேயே வருஷக்கணக்கில் கிடக்கிறது. ஆட்சேபணையும் குறுக்கு விசாரணையும் ஒழுங்காகப் பதிவாகியிருந்தால், தீர்ப்புக்குப் பின் முதல் அப்பீலிலேயே அறிக்கையைத் தாக்கலாம். எது குறைந்த செலவு என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கமிஷனே வேண்டாம் என்று எதிர்ப்பவர்களும் உண்டு. கமிஷன் மூலம் சாட்சியம் திரட்டப் பார்க்கிறார்கள் என்பது அவர்களுடைய வழக்கமான வாதம். அனுபவத்தை நிரூபிக்கக் கமிஷன் கேட்டால் அது எடுபடும். எல்லையே தகராறு என்றால் எடுபடாது. ஹரியானா வக்ஃப் வாரியம் வழக்கில், நிலத்தின் எல்லை நிர்ணயம் பற்றிய தகராறில் கமிஷனரை நியமித்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சொல்லிவிட்டது.

கூடுதல் அறிக்கை வந்து, வாதமும் முடிந்து, சுவரில் இத்தனை அங்குலம் இடிக்க வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ தீர்ப்பு வந்த பிறகும் கமிஷனரின் வரைபடத்துக்கு ஒரு வேலை பாக்கியிருக்கிறது. டிக்ரியை நிறைவேற்றக் கோர்ட் அமீனா இடத்துக்கு வரும்போது அவர் கையில் இருக்கப்போவது அந்தப் படம்தான். இடிக்க வேண்டிய துண்டு சிவப்பு மையில் ஏ, பி, சி, டி என்று மட்டும் இருந்து, ஏ என்பது எந்தக் கல்லிலிருந்து எத்தனை அடி என்று எழுதாமல் விட்டிருந்தால், அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு 'இடத்தை அடையாளம் காண இயலவில்லை' என்று எழுதி வாரண்டைத் திருப்பி அனுப்புவார். பிறகு நிறைவேற்று மனுவில் இன்னொரு கமிஷன், இன்னொரு சர்வேயர். இதைத் தவிர்க்க, வரைபடம் டிக்ரியின் பகுதியாக இணைக்கப்பட வேண்டும் என்றும், ஒவ்வொரு முனைக்கும் நிலையான இரண்டு அடையாளங்களிலிருந்து தூரம் எழுதப்பட வேண்டும் என்றும் தீர்ப்புக்கு முன்பே கேட்டுவிடுகிறார்கள், ஒருமுறை சூடு கண்ட வக்கீல்கள்.